‘நம்பர் 1 முந்திரி’ வேண்டாம்... எண்ணிக் காட்டுங்கள்!

திருப்பாதிரிப்புலியூரில் ரயிலடிக்குப் போகும் வழியில் மூன்று முந்திரிக் கடைகள் அடுத்தடுத்து இருப்பதாக வைத்துக்கொள்வோம். முதல் கடையில் ‘பண்ருட்டி நம்பர் 1 முந்திரி’ என்று பலகை. இரண்டாவது கடையில் ‘தமிழகத்திலேயே சிறந்த முந்திரி.’ மூன்றாவது கடையில் ‘உலகத்தரம்.’ ஊருக்குத் திரும்பும் ஒருவர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு மூன்று பலகைகளையும் பார்க்கிறார். பிறகு மூன்று கடைகளிலும் கேட்பது ஒரே கேள்விதான்: “அண்ணே, கிலோ என்ன விலை?”

மூவரும் நம்பர் 1 என்றால், வாங்குபவருக்கு வேறுபாடு தெரிய விலையைத் தவிர வேறு வழியில்லை. அப்போது தன் தோட்டத்துக் கொட்டையைக் காயவைத்து, உடைத்து, தோலுரித்து, கையால் தரம் பிரித்தவரும், எங்கிருந்தோ வந்த கலப்படப் பருப்பைப் பொட்டலம் போட்டவரும் ஒரே தட்டில் நிற்கிறார்கள். ‘சிறந்தது’ என்ற சொல்லால் உண்மையில் நட்டப்படுபவர் நல்ல சரக்கு வைத்திருப்பவர்தான்.

இதற்கு மாற்று, பேசாமல் இருப்பது அல்ல. நிரூபிக்க முடியாத சொல்லை எடுத்துவிட்டு, நிரூபிக்கக்கூடிய சொல்லை அந்த இடத்தில் வைப்பதுதான்.

இரண்டு சொல்லுக்காக ஒரு வழக்கு

சொந்தச் சரக்கைப் புகழ்ந்துகொள்வது வியாபாரத்தில் காலம்காலமாக இருப்பதுதான். “எங்க வீட்டுப் பருப்பு ருசியோ ருசி” என்று சொன்னால் யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள். ருசி அவரவர் நாக்கைப் பொறுத்தது. ஆனால் ‘நம்பர் 1’, ‘முதல்’, ‘ஒரே’ ஆகியவை அப்படி அல்ல. அவை எண்ணிப் பார்க்கவும், ஒப்பிட்டுப் பார்க்கவும் கூடிய சொற்கள். உண்மை இல்லையென்றால் பொய் என்று காட்டிவிடலாம்.

2008-ஆம் ஆண்டு சென்னை உயர் நீதிமன்றத்தில் இதுபற்றி ஒரு முக்கியமான தீர்ப்பு வந்தது. ஆங்கர் நிறுவனம் தன் பற்பசை விளம்பரத்தில், கால்சியம், ஃபுளோரைடு, டிரைக்ளோசான் ஆகிய மூன்றும் உள்ள ‘ஒரே’ பற்பசை என்றும், முழுப் பாதுகாப்பு தரும் ‘முதல்’ பற்பசை என்றும் சொன்னது. கோல்கேட் நிறுவனம் வழக்குப் போட்டது. அந்த ‘ஒரே’, ‘முதல்’ ஆகிய சொற்களுக்கு நீதிமன்றம் தடை விதித்தது. போட்டியாளரைத் திட்டாதவரை பொய்ப் புகழ்ச்சி பரவாயில்லை என்ற பழைய வாதத்தை, நுகர்வோர் உரிமை என்ற கோணத்தில் நீதிமன்றம் ஏற்கவில்லை.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ‘எங்கள் பற்பசையில் இந்த மூன்றும் இருக்கின்றன’ என்பது, இருந்தால், உண்மை. அதைச் சொல்லத் தடையில்லை. சிக்கலை இழுத்துவந்தது அதன் முன்னால் ஒட்டவைத்த ஒற்றைச் சொல்தான்.

இது பெரிய நிறுவனங்களின் சண்டை என்று விட்டுவிட முடியாது. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் ‘விளம்பரம்’ என்பதற்குள் தொலைக்காட்சியும் நாளிதழும் மட்டும் இல்லை. பொட்டலத்தின் மேல் ஒட்டும் லேபிளும், சுற்றும் காகிதமும், கொடுக்கும் பில்லும் அடங்கும். 250 கிராம் முந்திரிப் பையில் ஒட்டிய ஸ்டிக்கரும் சட்டத்தின் கண்ணில் விளம்பரம்தான். தவறான விளம்பரத்துக்கு அந்தச் சட்டத்தில் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க இடமுண்டு. உணவுப் பொருள் என்றால் 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டத்திலும் அதே அளவுக்கு வழியுண்டு.

ஒரு லேபிளைக் கலைத்துப் பார்ப்போம்

பண்ருட்டிப் பக்கம் இரண்டு ஏக்கர் முந்திரித் தோப்பு வைத்திருக்கும் ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். கொட்டையை வியாபாரிக்கு மூட்டையாகப் போட்டதுபோக, ஒரு பகுதியை வீட்டிலேயே பருப்பாக்கி, 250 கிராம் பைகளில் அடைத்து விற்கிறார்கள். அச்சகத்தில் வைத்திருந்த மாதிரியைப் பார்த்து அவர்கள் அடித்த லேபிள் இது:

‘பண்ருட்டி நம்பர் 1 முந்திரி. 100% சுத்தமானது. ஃப்ரெஷ். கொலஸ்ட்ரால் இல்லாதது.’

ஒவ்வொரு சொல்லாக எடுத்து, ‘எதில்? எங்கே? எப்போது? யார் அளந்தது?’ என்ற நான்கு கேள்விகளைப் போட வேண்டும். பதில் கிடைக்காத சொல் லேபிளில் இருக்கக் கூடாது.

‘நம்பர் 1’ போய், டபிள்யூ 320 வரட்டும்

எதில் நம்பர் 1? விற்பனையிலா, ருசியிலா, பருமனிலா? மாவட்டத்திலா, மாநிலத்திலா? ஒரு கேள்விக்கும் பதில் இல்லை. ஆனால் முந்திரி வியாபாரத்தில் இதைவிட நல்ல எண் ஒன்று ஏற்கெனவே இருக்கிறது. அதுதான் தர எண்: டபிள்யூ 180, டபிள்யூ 210, டபிள்யூ 240, டபிள்யூ 320, டபிள்யூ 450.

‘டபிள்யூ’ என்பது உடையாத வெள்ளை முழுப்பருப்பைக் குறிக்கிறது. பின்னால் வரும் எண், ஒரு ராத்தல், அதாவது 454 கிராம் எடையில் எத்தனை பருப்பு நிற்கும் என்பதன் உச்ச அளவு. டபிள்யூ 320 என்றால் ராத்தலுக்கு 300 முதல் 320 பருப்பு. டபிள்யூ 240 என்றால் 220 முதல் 240. எண் குறையக் குறையப் பருப்பு பெரிது. வாங்குபவர்கள் பலர் இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டு, ‘320 தானே பெரிசு?’ என்று கேட்பார்கள். லேபிளிலேயே விளக்கிவிட்டால் குழப்பம் இல்லை.

நம் பைக்குக் கணக்குப் போடுவோம். 250 கிராமில் டபிள்யூ 320 என்றால் 165 முதல் 176 பருப்பு வரை இருக்க வேண்டும். டபிள்யூ 240 என்றால் 121 முதல் 132 வரை.

சோதிப்பது எளிது. முத்திரை வைத்த தராசு ஒன்று போதும். சாக்கின் மேலே இருந்து மட்டும் அள்ளக் கூடாது. உடைசலும் பொடிப் பருப்பும் அடியில் இறங்கிவிடும் என்பதால், மேல், நடு, அடி என மூன்று இடங்களில் எடுத்துக் கலக்கி, அதிலிருந்து 250 கிராம் நிறுக்க வேண்டும். உடைந்ததைத் தனியாக ஒதுக்கி நிறுத்து எழுதிவிட்டு, அந்த எடைக்கு முழுப்பருப்பைச் சேர்த்து 250 ஆக்கி எண்ண வேண்டும். இதை மூன்று முறை செய்ய வேண்டும்.

அந்தக் குடும்பத்துக்கு 171, 168, 174 என்று வந்தால், மூன்றுமே 165-க்கும் 176-க்கும் இடையில் இருக்கின்றன. டபிள்யூ 320 என்று தைரியமாக அச்சடிக்கலாம். மூன்றாவது முறை 183 வந்தால், சின்னப் பருப்பு கலந்திருக்கிறது என்று பொருள். அப்போது இரண்டு வழிதான். மறுபடி சலித்துத் தரம் பிரிக்கலாம். அல்லது தர எண்ணை விட்டுவிட்டு, ‘250 கிராமில் 165 முதல் 185 பருப்பு’ என்று இருப்பதை இருக்கிறபடி போடலாம். சராசரி சரியாக வருகிறதே என்று 320 என்று போட்டால், 183 பருப்பு உள்ள பையை வாங்கியவர் எண்ணிப் பார்க்கும் நாளில் பெயர் கெடும்.

‘நம்பர் 1’ என்பதை வாங்குபவர் சோதிக்க முடியாது. ‘250 கிராமில் 165-176 முழுப்பருப்பு’ என்பதை வீட்டில் பிள்ளைகளே எண்ணிவிடுவார்கள். அப்படி எண்ணிச் சரியாக வந்தால், அந்தக் கடையை அவர்கள் மறக்கமாட்டார்கள்.

‘100% சுத்தம்’, ‘ஃப்ரெஷ்’, ‘கொலஸ்ட்ரால் இல்லை’

உணவுப் பொருள்களின் விளம்பரம், உரிமைகோரல் பற்றி 2018-இல் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. விதிகள் கொண்டுவந்தது. ‘சுத்தமானது’, ‘ஃப்ரெஷ்’ போன்ற சொற்களை எந்த நிலையில் போடலாம் என்று அதில் சொல்லப்பட்டிருக்கிறது.

வேறு எதுவும் சேர்க்காத, ஒரே பொருளாலான உணவுக்குத்தான் ‘சுத்தமானது’ பொருந்தும். உப்பும் மிளகும் போட்டு வறுத்த முந்திரிக்கு அது பொருந்தாது. ‘100%’ என்ற எண்ணை லேபிளில் போட வேண்டாம் என்று எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. 2025 மே மாதத்தில் அறிவுறுத்தியது. அதற்கு விதிகளில் விளக்கம் இல்லை. படிப்பவரோ மற்ற கடைச் சரக்கெல்லாம் சுத்தமில்லை என்று நினைத்துக்கொள்வார். அந்த இடத்தில் ‘முந்திரிப் பருப்பு மட்டும். உப்பு, எண்ணெய், நிறம் சேர்க்கவில்லை’ என்று போட்டால் சொல்ல வந்தது முழுவதும் வந்துவிடுகிறது.

‘ஃப்ரெஷ்’ என்பது கழுவுதல், தோல் சீவுதல், வெட்டுதல், குளிரவைத்தல் போன்ற எளிய வேலைகளைத் தாண்டாத பொருளுக்கு மட்டும் உரியது. முந்திரிக் கொட்டையை ஆவியில் வேகவைத்தோ வறுத்தோ உடைத்து, பருப்பைச் சூடுகாட்டி உலர்த்தி, உள்தோலை உரிக்கிறோம். இத்தனை பதப்படுத்தல் நடந்த பொருளுக்கு அந்தச் சொல் பொருந்தாது. வாங்குபவர் உண்மையில் தெரிந்துகொள்ள விரும்புவது பருப்பு பழையதா என்பதுதான். அதற்கு ‘உடைத்த மாதம்’, ‘அடைத்த தேதி’ இரண்டையும் பளிச்சென்று போட்டால் போதும். ஈரப்பதம் 5 சதவிகிதத்துக்குள் இருப்பது வியாபாரத்தில் ஏற்ற அளவு. அதைத் தாண்டினால் பருப்பு நமத்துப்போய், பூசணமும் பூச்சியும் பிடிக்கும். ஆய்வகத்தில் அளந்த சீட்டு கையில் இருந்தால், ‘ஈரப்பதம் 5 சதவிகிதத்துக்குள்’ என்று எழுதலாம். சீட்டு இல்லையென்றால் அந்த வரி வேண்டாம்.

‘கொலஸ்ட்ரால் இல்லாதது’ என்பதுதான் தந்திரமான வரி. செடி, மரத்திலிருந்து கிடைக்கும் உணவு எதிலும் கொலஸ்ட்ரால் கிடையாது. ஆக, சொன்னது பொய் அல்ல. ஆனால் முந்திரியில் ஏறக்குறைய பாதி கொழுப்புதான். ‘கொலஸ்ட்ரால் இல்லை’ என்று படித்தவர் ‘கொழுப்பு இல்லை’ என்று எடுத்துக்கொள்வார். நம் ஊரில் இரண்டுக்கும் ‘கொழுப்பு’ என்ற ஒரே சொல்தான் புழங்குகிறது. அதனால்தான் இந்தச் சொல்லைப் போட, நிறைகொழுப்பும் மிகக் குறைவாக இருக்க வேண்டும் என்று விதி கேட்கிறது. முந்திரியில் அது 100 கிராமுக்கு 8 கிராம் அளவில் இருப்பதால் பொருந்தாது. நேர்மையான லேபிளுக்கு வாக்கியம் உண்மையாக இருந்தால் மட்டும் போதாது. படித்தவர் மனதில் பதிவதும் உண்மையாக இருக்க வேண்டும்.

‘பண்ருட்டி’ என்ற சொல்லுக்கும் கணக்கு உண்டு

நான்கு சொற்களையும் விட விலை மதிப்புள்ளது ஊர்ப் பெயர்தான். அதிலும் கவனம் வேண்டும். பண்ருட்டி வட்டாரத்தில் உடைக்கப்படும் கொட்டையில் ஒரு பெரும்பகுதி ஆப்பிரிக்க நாடுகளிலிருந்து இறக்குமதி ஆகிறது. அதில் தவறு ஒன்றும் இல்லை. ஆயிரக்கணக்கான பெண்களுக்கு அந்த வேலையால் பிழைப்பு நடக்கிறது. ஆனால் ‘பண்ருட்டியில் விளைந்தது’ என்பதும், ‘பண்ருட்டியில் உடைத்துப் பருப்பெடுத்தது’ என்பதும் ஒன்றல்ல. எது உண்மையோ அதைத்தான் போட வேண்டும்.

பண்ருட்டி முந்திரிக்கும் பண்ருட்டி பலாவுக்கும் 2025-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. இதனால் அந்தப் பகுதியில் இருக்கும் எல்லோரும் உடனே அந்த முத்திரையைப் போட்டுக்கொள்ளலாம் என்று ஆகிவிடாது. 1999-ஆம் ஆண்டின் புவிசார் குறியீட்டுச் சட்டப்படி, சென்னையில் உள்ள பதிவகத்தில் ‘அங்கீகரிக்கப்பட்ட பயனாளர்’ என்று பதிந்துகொண்டவருக்குத்தான் அந்த உரிமை. தனியாகவும் விண்ணப்பிக்கலாம், விவசாயக் குழுவோ உற்பத்தியாளர் நிறுவனமோ இருந்தால் உறுப்பினர்களைச் சேர்த்து விண்ணப்பிக்க உதவலாம்.

அதுவரை சொல்ல என்ன இருக்கிறது? நிறைய இருக்கிறது. 2011 டிசம்பர் 30 அன்று ‘தானே’ புயல் கடலூர் மாவட்டத்தைப் புரட்டிப்போட்டபோது, தலைமுறை கண்ட முந்திரி மரங்கள் வேரோடு சாய்ந்தன. அந்தக் குடும்பம் தானேவுக்குப் பிறகு விருத்தாசலம் ஆராய்ச்சி நிலைய ரகமான வி.ஆர்.ஐ.-3 ஒட்டுக்கன்றை நட்டு வளர்த்திருந்தால், ‘தானே புயலுக்குப் பின் நட்ட எங்கள் 2 ஏக்கர் தோப்பு. வி.ஆர்.ஐ.-3 ரகம்’ என்று எழுதலாம். கன்று வாங்கிய ரசீதும், நிலத்தின் பட்டாவும் அதற்குச் சாட்சி. இந்த வரியை அடுத்த கடைக்காரர் நகல் எடுத்து ஒட்ட முடியாது. ‘நம்பர் 1’ என்பதை யாரும் ஒட்டலாம்.

‘இயற்கை முந்திரி’ என்று போடும் ஆசைக்கும் இதே அளவுகோல்தான். பூ, பிஞ்சுப் பருவத்தில் தேயிலைக் கொசுவுக்கு ரசாயன மருந்து அடித்திருந்தால் அந்தச் சொல்லைத் தொடவே கூடாது. ரசாயன உரம் மட்டும் போடவில்லை என்றால், ‘ரசாயன உரம் போடவில்லை’ என்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். மருந்து அடித்ததை யாராவது கேட்டால் மறைக்கக் கூடாது.

ஒரு நோட்டு போதும்

எழுதிய சொல்லுக்குச் சாட்சி கையில் இருக்க வேண்டும். இதற்கு நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும். ஒவ்வொரு முறை பருப்பெடுக்கும்போதும் ஒரு பக்கம். மேலே தொகுப்பு எண். கீழே கொட்டை எங்கிருந்து வந்தது, எந்தத் தேதியில் உடைத்தது, மூன்று எண்ணிக்கை, ஒதுக்கிய உடைசலின் எடை, அடைத்த தேதி. ரசீதுகளையும் ஆய்வகச் சீட்டையும் அந்தப் பக்கத்திலேயே குத்திவைக்கலாம். அதே தொகுப்பு எண் பையிலும் இருக்க வேண்டும்.

தவறு பெரும்பாலும் இரண்டாம் வருடத்தில்தான் நடக்கும். முதல் வருடச் சரக்கு டபிள்யூ 320-ஆக இருந்ததால் ஐயாயிரம் லேபிள் அடித்துவிடுவார்கள். அடுத்த வருடம் மழை தவறி, பருப்பு சிறுத்து, 250 கிராமில் 190 நிற்கும். மீதி லேபிளை வீணாக்க மனம் வராது. அதே லேபிள் ஒட்டப்படும். நேற்று உண்மையாக இருந்த சொல் இன்று பொய்யாகிவிடும். ஆகவே மாறக்கூடிய விவரங்களான தரம், எண்ணிக்கை, தேதி, கொட்டை வந்த இடம் ஆகியவற்றை அச்சடிக்காமல் காலியாக விட்டு, தொகுப்புக்குத் தொகுப்பு ரப்பர் ஸ்டாம்பில் குத்துவதே நல்லது.

இப்போது அந்தக் குடும்பத்தின் புது லேபிள் இப்படி இருக்கும்:

‘முந்திரிப் பருப்பு, டபிள்யூ 320. 250 கிராமில் 165-176 முழுப்பருப்பு. முந்திரி மட்டும், வேறெதுவும் சேர்க்கவில்லை. பண்ருட்டி வட்டாரத்தில் எங்கள் 2 ஏக்கர் தோப்பில் விளைந்த வி.ஆர்.ஐ.-3. உடைத்த மாதம், அடைத்த தேதி, தொகுப்பு எண் கீழே.’

உரிம எண், முகவரி, எடை, விலை, சத்து விவரம் போன்ற கட்டாய விவரங்கள் இதற்கு மேல் வழக்கம்போல வரவேண்டும்.

“எல்லாரும் போடுறாங்களே?”

இந்தப் பேச்சு வரும்போதெல்லாம் விவசாயிகள் கேட்கும் கேள்வி ஒன்று: “பக்கத்துக் கடையில நம்பர் 1-னு பெரிசா போட்டிருக்காங்க. நாங்க மட்டும் போடலைன்னா, எங்க சரக்கு மட்டம்னு நினைக்கமாட்டாங்களா?”

முதல் தடவை வாங்குபவர் நினைக்கலாம். அதற்குப் பலகையில் பதில் சொல்வதை விடக் கடையில் பதில் சொல்வது எளிது. கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு தராசும், ஒரு தட்டும், அந்த நோட்டும் இருக்கட்டும். வாங்க வந்தவர் “இது நல்ல பருப்பாம்மா?” என்று கேட்டால், “நீங்களே ஒரு பையைப் பிரிச்சு எண்ணுங்க சார். 165-க்குக் கீழயோ 176-க்கு மேலயோ வந்தா பை உங்களுக்கு இனாம்” என்று சொல்லலாம். அப்படிச் சொல்லத் துணிவு வருவது, மூன்று முறை எண்ணிப் பார்த்து நோட்டில் எழுதியவருக்கு மட்டும்தான்.

பக்கத்துக் கடைக்காரர் சொல்வது பொய் என்று பலகை வைக்கக் கூடாது. அது இன்னொரு வழக்கை வாங்கிக்கொள்வது. உண்மையிலேயே ஏமாற்றும் விளம்பரம் என்று தோன்றினால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் சொல்லலாம்.

பலாவோ, மல்லாட்டையோ, நெய்யோ, நாட்டுக்கோழி முட்டையோ, எதுவானாலும் செய்ய வேண்டியது இதுதான். லேபிளில் இருக்கும் பெரிய சொல்லை விரலால் மூடிவிட்டு, அதற்குப் பதிலாக எதை எண்ணலாம், எதை நிறுக்கலாம், எந்த ரசீதைக் காட்டலாம் என்று பார்க்க வேண்டும். காட்ட ஒன்றுமே இல்லை என்றால், முதலில் சரிசெய்ய வேண்டியது லேபிளை அல்ல, சரக்கை.